விடுதி மாணவியும் இரவுப் பாலும்

பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடல் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. சிறுகுடலின் உட்சுவரில் உண்டாகும் லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக உடைத்த பிறகுதான் ரத்தத்தில் சேரும். கைக்குழந்தைக்கு இந்த நொதி தாராளமாக இருக்கும். பால்குடி மறந்த பிறகு பெரும்பாலானோருக்குப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை இதுதான் என்பதால், இதை நோய் என்று சொல்வதுகூடப் பொருத்தமில்லை. குறைவு மெதுவாக வருவதால், பல ஆண்டுகள் பால் குடித்துப் பழகியவருக்குப் பாலின்மேல் சந்தேகம் எழுவதில்லை.

கல்லூரி விடுதியில் சேர்ந்த ஒரு மாணவியின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். வீட்டில் அவள் காலையில் இட்லிக்குப் பிறகு சிறிய டம்ளரில் காபி குடிப்பாள், மதியம் தயிர்சாதம். வயிறு ஒருநாளும் தகராறு செய்ததில்லை. விடுதியில் மெஸ் சாப்பாடு பிடிக்காமல் இரவில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் நிறையப் பால் குடித்துப் படுக்கிறாள். ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடவென்று சத்தம் போடுகிறது. சில நாள் காலையில் வகுப்புக்குப் போகுமுன் இரண்டு மூன்று முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

பழி முதலில் மெஸ் எண்ணெய்மேல் விழுகிறது, பிறகு தண்ணீர்மேல், அப்புறம் பரீட்சை பயத்தின்மேல். விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் வயிறு சரியாகிவிடுவதால், மெஸ்தான் குற்றவாளி என்று தீர்மானமாகிறது. ஆகவே திரும்பி வந்ததும் குழம்பையும் பொரியலையும் ஒதுக்கிவிட்டு, வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று பாலும் பிஸ்கட்டுமாகச் சாப்பிடுகிறாள். தொல்லை இரட்டிப்பாகிறது. முடிச்சு அவிழ்வதும் இங்கேதான்: சந்தேகப்பட்ட சாப்பாட்டை நிறுத்தியும் வயிறு மோசமாகிறது என்றால், மீதமிருப்பது பால் மட்டுமே.

நூறு மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஊரில் குடித்த காபியில் பால் சேர்ந்தது 60, 70 மில்லிதான். அதாவது 3 கிராம் சொச்சம். அதுவும் இட்லியோடு சேர்ந்து மெதுவாகக் குடலில் இறங்கியது. விடுதி டம்ளரின் 300 மில்லியில் 15 கிராம், ஏறக்குறைய வெறும் வயிற்றில், ஒரே மூச்சில் போகிறது. இருக்கும் கொஞ்ச நொதி இதற்குப் போதாது. உடையாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது; அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. போக்குக்குக் காரணம் அந்தத் தண்ணீர், உப்புசத்துக்குக் காரணம் அந்த வாயு. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் லாக்டோஸ் போய்விடாது.

சந்தேகத்தை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. இரண்டு வாரம் பால், பால் கலந்த சத்துமாவுப் பானம், ஐஸ்கிரீம், பால்கோவா, பால்பவுடர் சேர்ந்த இனிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மற்ற சாப்பாட்டை மாற்றக்கூடாது. மாற்றினால் எதனால் குணமானது என்று தெரியாமல் போகும். வயிறு அமைதியானால், சாப்பாட்டோடு அரை டம்ளர் பால் குடித்துப் பார்த்து, பிறகு அளவைக் கூட்டலாம். இந்த மாணவிக்கு அரை டம்ளர் ஒன்றும் செய்யவில்லை. முழு டம்ளரில் பழைய கடமுடா திரும்பியது. மருத்துவமனையில் இதையே மூச்சுப் பரிசோதனையாகச் செய்வார்கள். லாக்டோஸ் கலந்த நீரைக் குடிக்கவைத்து, பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் வாயு மூச்சில் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார்கள்.

பாலை அடியோடு விலக்கத் தேவையில்லை. அது அவசரப் புத்தி. இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பலர் ஒரு நேரத்துக்கு 12 கிராம் லாக்டோஸ்வரை பெரிய தொல்லையில்லாமல் தாங்குகிறார்கள். தயிர் இன்னும் எளிது. உறைய வைக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மீதியை உடைக்கும் நொதியையும் தம்மோடு குடலுக்குள் கொண்டுபோகின்றன. வீட்டில் தயிர்சாதம் ஒன்றும் செய்யாததன் காரணம் இதுவே. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பால் குறைந்தால் சுண்ணாம்புச் சத்துக்குத் தயிரும் கேழ்வரகும் கைகொடுக்கும்.

கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகும் சில வாரங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் ஆறியதும் சரியாகிவிடும். பால் குடித்தவுடன் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் அது ஒவ்வாமை, வேறு சங்கதி. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால் பாலை நிறுத்திப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள்.