வலிக்கும் புண், வலிக்காத புண்

முப்பது வயதுள்ள, திருமணமான ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளாக உடம்பு வலி, லேசான காய்ச்சல். சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகிற எரிச்சல். நீர்க்கடுப்பு என்று நினைத்து இளநீரும் மோரும் குடிக்கிறார். மூன்றாம் நாள் குளிக்கும்போது பிறப்புறுப்பின் ஓரத்தில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாகக் கையில் தட்டுப்படுகின்றன. மறுநாள் அவை உடைந்து புண்ணாகின்றன. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டுகிறது; நடந்தாலே வலி. சூட்டுக் கொப்புளம்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு களிம்பு கிடைக்கிறது.

உடம்புச் சூட்டால் இப்படிக் கொத்துக் கொப்புளம் வராது. இது பெரும்பாலும் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவு வழியே பரவுகிறது. முதலாம் வகை உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் அதே வைரஸ்; வாய்வழி உறவின்போது பிறப்புறுப்புக்கும் வந்துசேரும். தொற்றியவர்களுக்குக் கொப்புளம் வருவதானால் வழக்கமாக இரண்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரும். ஆனால் பலருக்கு அப்போது எதுவுமே தெரிவதில்லை. வைரஸ் முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் படும்படி முதல் கொப்புளம் எழுகிறது.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் ஹெர்பிஸ் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “யாரிடமிருந்து வந்தது?” என்பதுதான். இன்று வந்த கொப்புளத்தை வைத்துக்கொண்டு, போன மாதம் கணவனோ மனைவியோ தவறு செய்தார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன்பே தொற்றியிருக்கலாம். கொடுத்தவருக்கே அது தன்னிடம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கலாம். கொப்புளம் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் வெளிவரக்கூடும். உலகில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு கொப்புளத்துக்காகக் குடும்பத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பெண் களிம்பைத் தடவாமல் உடனே மருத்துவரிடம் போவதுதான் நல்லது. கொப்புளம் ஈரமாக இருக்கும்போது அதிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரிதான் நோயைத் தெளிவாகக் காட்டும். காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் பரிசோதனை ஏமாற்றலாம். மாத்திரையும் முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். முதன்முறை வருபவர்களுக்கு வழக்கமாக அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஏழு முதல் பத்து நாள் வரை தருவார்கள். வைரஸை இது அடியோடு ஒழிக்காது. புண் ஆறும் காலத்தைக் குறைக்கும். மருந்தில்லாமல் விட்டால் முதல் தடவைப் புண் முழுதாக ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். சிறுநீர் கழிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் அடங்கும். சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

ஹெர்பிஸ் திரும்ப வரலாம். ஆனால் அடுத்தடுத்த தடவைகளில் கொப்புளம் குறைவாக இருக்கும், சீக்கிரம் ஆறும். வருவதற்கு முந்தைய நாளே அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு தெரியும். அப்போதே மாத்திரையைத் தொடங்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்து வைப்பதுண்டு.

வலியால் துடிக்கிற இந்தப் பெண்ணாவது எப்படியும் மருத்துவரிடம் போய்விடுவார். எனக்குப் பெரிய கவலை, வலிக்காத புண்ணோடு வீட்டில் இருப்பவர்களைப் பற்றித்தான். ஒரே ஒரு புண், வட்டமாக, அடிப்பக்கம் பொத்தான் போலக் கெட்டியாக, அழுத்தினாலும் வலிக்காமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிபிலிஸ் என்ற மேகப்புண்ணை. தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் இது வரும். சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகலாம். பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணிலேயே படாது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். கடையில் வாங்கித் தடவிய களிம்புதான் குணப்படுத்தியது என்று ஆள் நம்பிவிடுவார். சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செந்தடிப்பு வரும்; அதுவும் தானே மறையும். கிருமி மட்டும் போகாது. பல ஆண்டுகள் கழித்து மூளையையோ இதயத்தையோ தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். இத்தனைக்கும் ஆரம்பத்தில் வந்தால் பென்சாத்தின் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், ஒரே ஒரு தடவை போட்டால் போதும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேறு மருந்து உண்டு.

ஆனால் வலியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மேகப்புண்ணும் சில சமயம் வலிக்கும். ஹெர்பிஸ் ஒரே ஒரு வெடிப்பாக வந்து ஏமாற்றும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கும். அதனால் எந்தப் புண்ணாக இருந்தாலும் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். புண் வந்த முதல் சில நாட்களில் சிபிலிஸ் பரிசோதனை ‘இல்லை’ என்று காட்டலாம். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து அதை மறுபடியும் எடுக்க வேண்டும், எச்.ஐ.வி.க்கு மூன்று மாதம் கழித்து ஒருமுறை.

பிறப்புறுப்பில் வரும் புண் எல்லாமே உறவு வழியே வந்ததும் இல்லை. காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்கிற்கோ மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் ஆணுறுப்பின் நுனியில் எரிச்சலோடு சிவந்து, கொப்புளித்து, ஆறிய பிறகு கருந்தழும்பு விடுகிறதா? அதே மாத்திரையை அடுத்த முறை போட்டதும் அதே இடத்தில் வருகிறதா? அது மருந்து ஒவ்வாமை. சல்பா மாத்திரை, சில வலி மாத்திரைகள், வயிற்றுப்போக்கிற்குத் தரும் மெட்ரோனிடசோல் போன்றவற்றால் இது வரும். இதையும் ஹெர்பிஸ் என்று எண்ணிப் பல காலம் மருந்து சாப்பிடுபவர்கள் உண்டு. மருத்துவரிடம் போகும்போது கடைசி வாரம் விழுங்கிய மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போனால் விஷயம் சீக்கிரம் வெளிப்படும். முன்தோலில் வெடிப்பும் அரிப்பும் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சொறி சிரங்கு. ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணில் சதைத் துணுக்கு எடுத்து, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கென்று ‘சுரக்ஷா’ மையங்கள் இருக்கின்றன. அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெர்பிஸுக்குச் சிவப்புப் பொட்டலம், மற்றப் புண்ணுக்கு வெள்ளைப் பொட்டலம் என்று நிறம் பிரித்து மருந்து வைத்திருப்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில் நடக்கும். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசலாம்.

மருத்துவர் பார்க்கும்வரை மஞ்சள், காவி, ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதையும் தடவ வேண்டாம்; பார்க்க வேண்டிய புண்ணின் உருவத்தையே அவை மாற்றிவிடும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி உலரவைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை போட்டால் போதும். புண் ஆறும்வரை உறவு வேண்டாம். ஆணுறை மறைக்காத இடத்திலும் புண் இருக்கலாம். சிபிலிஸ் என்று தெரிந்தால் கடந்த மூன்று மாதத்தில் உறவிலிருந்தவரையும் அழைத்துப் போக வேண்டும். பரிசோதனையில் தெரியாவிட்டாலும் அவருக்கும் ஊசி போடுவார்கள். கர்ப்பமாக இருக்கும் பெண், தனக்கோ கணவருக்கோ எப்போதாவது இப்படிக் கொப்புளம் வந்திருந்தால் அதைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றாமலிருக்க அறுவை சிகிச்சை மூலம் எடுப்பது பற்றி முடிவு செய்வார்கள்.