லாபம் 18 லட்சம். பணம் எங்கே போனது?

ஒரு சிறிய பனியன் கம்பெனி. கணக்கைப் பின்தொடர வசதியாக நாமே அமைத்துக்கொண்ட உதாரணம் இது. வருட முடிவில் லாப நட்டக் கணக்கு, வரி போக 18 லட்சம் ரூபாய் லாபம் என்கிறது. ஆனால் தொடக்கத்தில் 12 லட்சமாக இருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 7 லட்சமாகக் குறைந்துவிட்டன. இடையில் நடந்ததைச் சொல்வதுதான் ரொக்கப் பாய்வு அறிக்கை. லாபத்தில் தொடங்கி, பணமாக நடக்காதவற்றைத் திருத்திக்கொண்டே போய், பணத்தில் முடிப்பது மறைமுக முறை.

முதலில் இரண்டு வருட இருப்புநிலைக் குறிப்புகளையும் அருகருகே வைக்க வேண்டும் (லட்சம் ரூபாயில்):

| | சென்ற வருடம் | இந்த வருடம் |
|---|---|---|
| ரொக்கம், வங்கி | 12 | 7 |
| வரவேண்டிய பாக்கி | 30 | 46 |
| சரக்கிருப்பு | 25 | 34 |
| இயந்திரங்கள் (தேய்மானம் போக) | 60 | 75 |
| மொத்தம் | 127 | 162 |
| கொடுக்கவேண்டிய பாக்கி | 20 | 26 |
| வங்கிக் கடன் | 40 | 56 |
| பங்கு மூலதனம் | 50 | 50 |
| சேர்ந்த லாபம் | 17 | 30 |
| மொத்தம் | 127 | 162 |

லாப நட்டக் கணக்கிலிருந்து நமக்கு வேண்டியவை நான்கு: நிகர லாபம் 18, தேய்மானம் 8, கடன் வட்டி 4, பழைய தையல் இயந்திரங்களை விற்றதில் கிடைத்த லாபம் 2. வரியும் வட்டியும் வருடத்துக்குள்ளேயே கட்டப்பட்டுவிட்டன.

இனி தொழில் நடத்தியதில் வந்த பணம். தேய்மானம் லாபத்தைக் குறைத்தது. ஆனால் அதற்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. எனவே 8-ஐக் கூட்ட வேண்டும். இந்தியக் கணக்கியல் தரங்களின்படி வங்கி, நிதி நிறுவனங்கள் தவிர மற்றவர்கள் கட்டிய வட்டியை நிதி திரட்டல் பகுதியில் காட்டுவதால், அந்த 4-ஐ இங்கே கூட்டிவிட்டு அங்கே கழிக்கிறோம். இயந்திர விற்பனை லாபம் 2-ஐக் கழிக்க வேண்டும். விற்ற பணம் முழுவதும் முதலீட்டுப் பகுதியில் வரப்போகிறது. இப்போது 28.

அடுத்து பாக்கிகள். வரவேண்டிய பாக்கி 16 கூடியிருக்கிறது. விற்றாயிற்று, லாபத்திலும் சேர்த்தாயிற்று, பணம் மட்டும் வரவில்லை, கழிக்க வேண்டும். சரக்கில் கூடுதலாக முடங்கிய 9-ம் கழிவுதான். நூல் வாங்கிவிட்டு இன்னும் கொடுக்காத 6-ஐக் கூட்ட வேண்டும். மிச்சம் 9 லட்சம்.

முதலீட்டுப் பகுதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இயந்திர மதிப்பு 60-லிருந்து 75 ஆனதைப் பார்த்து, 15 லட்சத்துக்கு வாங்கியதாக எழுதிவிடுவார்கள். 60-ல் தேய்மானம் 8 போகிறது. விற்ற பழைய இயந்திரங்களின் புத்தக மதிப்பு 3. அதுவும் போக மிஞ்சுவது 49. அது 75 ஆக வேண்டுமானால் 26 லட்சத்துக்குப் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். புத்தக மதிப்பு 3, லாபம் 2 என்றால் விற்று வந்தது 5. ஆக முதலீட்டில் நிகரமாக வெளியே போனது 21.

நிதி திரட்டலில் கடன் 16 வந்தது; வட்டி 4 போனது. சேர்ந்த லாபம் 17-உடன் இவ்வருட லாபம் 18 சேர்ந்தால் 35 ஆக வேண்டும். குறிப்பில் 30 தான் இருக்கிறது. குறையும் 5, பங்குதாரர்களுக்குக் கொடுத்த ஈவுத்தொகை. நிகர வரவு 7.

9-ல் 21-ஐக் கழித்து 7-ஐக் கூட்டினால் குறைவு 5. ரொக்கம் 12-லிருந்து 7 ஆனதும் அதே 5.

கணக்கு நேரானதும் நிம்மதியடைவது ஆபத்து. தேய்மானம், வட்டி, விற்பனை லாபம் எதையும் தொடாமல், இயந்திரத்துக்கு 15, நிதி திரட்டலில் கடன் 16, ஈவுத்தொகை 5 என்று மட்டும் போட்டுப் பாருங்கள். தொழிலில் 1 குறைவு, முதலீட்டில் 15 குறைவு, நிதியில் 11 வரவு. கூட்டினால் அதே 5 குறைவுதான்! இருப்புநிலைக் குறிப்பு சமமாக இருந்தால் எல்லா மாற்றங்களையும் எப்படிப் பிரித்தாலும் விடை நேராகும். ஆனால் 9 லட்சம் ஈட்டிய தொழில், பணத்தை இழக்கும் தொழிலாகத் தெரியும். அதனால் இயந்திரம், கடன், சேர்ந்த லாபம் ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், கூடியது, குறைந்தது, முடிவு என்று தனிக்கணக்கு எழுதிப் பார்ப்பதே உண்மையான சோதனை.

அந்தத் தனிக்கணக்குக்கும் மூன்று அறிக்கைகள் மட்டும் போதாது. விற்ற இயந்திரங்களின் புத்தக மதிப்பு 3 என்பது சொத்துப் பதிவேட்டில்தான் இருக்கும். கடன் 16 கூடியது, 20 வாங்கி 4 அடைத்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும். கடன் கொடுத்தவரே இயந்திரம் விற்றவருக்கு நேராகப் பணம் செலுத்தியிருந்தால், கம்பெனியின் கைக்கு வராத அந்தத் தொகை அறிக்கைக்குள் வராது. குறிப்பாக மட்டும் சொல்லப்படும். இவற்றுக்குப் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

இனி உரிமையாளரின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். 26 லட்சத்துக்கு இயந்திரம் வாங்கிய வருடத்தில் தொழில் கொடுத்தது 9 லட்சம்தான். மீதிக்குப் புதுக்கடனும் கையிருப்பும் ஈடுகொடுத்தன. வாடிக்கையாளர்களிடம் கூடுதலாக நின்றுபோன 16 லட்சம் வசூலாகியிருந்தால் அந்தப் புதுக்கடனே தேவைப்பட்டிருக்காது.