அவசரப்படாத 18 லட்சம்

கணவர் இறந்தபின் வரும் ஆயுள் காப்பீட்டுத் தொகையை முதலீடு செய்வது வேறு, பத்திரமாக நிறுத்தி வைப்பது வேறு. முதல் சில மாதங்களுக்கு இரண்டாவதே போதும். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதை இதை விளங்க வைக்கும். நாற்பதைத் தாண்டிய பெண், பள்ளியில் படிக்கும் மகன், மாதச் செலவு சுமார் 25,000 ரூபாய். 2024-ல் அவரது வங்கிக் கணக்கில் 18 லட்சம் வந்து சேர்ந்தது. இறப்பின்போது வாரிசுக்குக் கிடைக்கும் இத்தொகைக்கு வருமான வரி கிடையாது. அதிலிருந்து வரும் வட்டிக்கு உண்டு.

முதலில் அவர் பார்த்தது வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பை. ஒரு வங்கி முடங்கினால் ஒருவருக்கு அந்த வங்கியில் கிடைக்கும் காப்பீடு 5 லட்சம்தான். அசலும் வட்டியும் சேர்த்து அந்த 5 லட்சம். நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குதான், சேமிப்புக் கணக்கில் கிடப்பதும் அதில் அடங்கும். ஆகவே தன் பழைய வங்கியில் சேமிப்பில் 2 லட்சமும் டெபாசிட்டில் இரண்டரை லட்சமும் வைத்தார். மற்ற மூன்று வங்கிகளில் தலா நாலரை லட்சத்தை ஓராண்டு டெபாசிட்டாகப் போட்டார். 7 சதவீத வட்டி சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் ஆண்டு முடிவில் 4.82 லட்சத்தைச் சுற்றியே நிற்கும். அந்த நாலரை லட்சத்தையும் ஒரே ரசீதாக வாங்காமல் ஒன்றரை லட்சமாக மூன்று ரசீது வாங்கினார். திடீரெனப் பணம் வேண்டுமானால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். வட்டிக் குறைப்பு அந்த ஒன்றோடு போய்விடும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு யோசனைகள் வரத் தொடங்கின. கொழுந்தனார் தெரிந்த கடைக்காரரிடம் இரண்டு வட்டிக்கு விடச் சொன்னார். 5 லட்சத்துக்கு மாதம் 10,000. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு 24 சதவீதம் கொடுத்துக் கடன் வாங்குகிறவருக்கு வங்கி ஏன் கடன் தரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கையில் மிஞ்சுவது ஒரு புரோநோட்டு மட்டுமே.

தம்பிக்கு மனை. "அக்கா, இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலேன்னா கை நழுவிப் போயிடும்."

"பணம் டெபாசிட்ல கிடக்குப்பா. மூலப் பத்திர நகலையும் சர்வே நம்பரையும் குடு, வில்லங்கம் போட்டு வக்கீல்கிட்ட காட்டுறேன்."

யாரையும் சந்தேகப்படாத மாதிரியே மறுக்க இதைவிட நல்ல வழி இல்லை. டெபாசிட் என்ற சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 30 ஆண்டு வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று பதிவாகியிருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவில்லை. விற்பவர் அதைச் சரிசெய்து தரவில்லை, பேச்சு அத்தோடு நின்றது.

வங்கிக்கு அலைய வசதியாக இருக்கட்டும் என்று டெபாசிட்டில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னதும் தம்பிதான். நல்லெண்ணமாகவே இருக்கலாம். ஆனால் 'இருவரில் எவரும்' என்ற கூட்டுக் கணக்கில் அவரும் தனியாகப் பணம் எடுக்க முடியும். வாரிசுதாரர் நியமனத்தில் அந்த ஆபத்து இல்லை. கணக்கு வைத்திருப்பவரின் காலத்துக்குப் பிறகே அது பேசும். மகன் மைனர் என்பதால், அவன் சார்பில் தொகையைப் பெற ஒரு பெரியவரையும் படிவத்தில் குறிப்பிட வேண்டியிருந்தது. தன் அம்மாவின் பெயரை எழுதினார்.

வீட்டுக் கடனில் 4 லட்சத்துச் சொச்சம் பாக்கி. "முதல்ல கடனை அடைச்சிடு" என்றார் பெரியப்பா. கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிட அதிகம் என்பதால் இது தவறான யோசனை அல்ல. தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதமும் இல்லை. இருந்தாலும் கட்டுவதற்கு முன் கடன் கணக்கின் முதல் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. கடன் கொடுக்கும்போதே அதற்கென ஒரு காப்பீட்டைச் சேர்த்து, பிரீமியத்தைக் கடனோடு கூட்டிவிடுவது வழக்கம். வீட்டில் பலருக்கு அது தெரிவதில்லை. இங்கும் அப்படி ஒரு வரி இருந்தது. இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்ததில் பாக்கியைக் காப்பீட்டு நிறுவனமே கட்டியது. சொந்தப் பணத்தில் அடைத்து முடித்திருந்தால் இப்படி ஒரு காப்பீடு இருப்பதையே பார்த்திருக்க மாட்டார்கள். கடன் கணக்கு முடிந்ததும் வங்கியிடமிருந்து அசல் பத்திரங்களையும் நிலுவையில்லாச் சான்றையும் வாங்கி வைத்தார்.

ஓராண்டில் டெபாசிட்கள் முதிர்ந்தபோது குடும்பச் செலவு எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்பது தெளிவாகியிருந்தது. தனிநபர் போடக்கூடிய உச்சவரம்பான 9 லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டார். அரசின் பொறுப்பு என்பதால் 5 லட்ச வரம்பு அங்கே பொருந்தாது. அப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 ரூபாய் வரும். ஐந்தாண்டுத் திட்டம், முதல் ஆண்டில் எடுக்க முடியாது. முதல் நாளே அதில் போடாததற்கு அதுவே காரணம். மீதியை மகனின் கல்லூரிச் செலவுக்கென மூன்று வங்கிகளிலும் பிரித்தே புதுப்பித்தார்.