புரத ஆக்கத்தின் தொடக்கம்: இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தில் ஓர் எழுத்து

இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கக் குழந்தைகளின் வாயில் இடப்படும் சொட்டு மருந்து உயிருள்ள, ஆனால் வலிமை குறைக்கப்பட்ட வைரஸ்களைக் கொண்டது என்பதைக் களப்பணியாளர்கள் அறிவர். நம் நாட்டில் 2016 ஏப்ரல் முதல் வழங்கப்பட்டு வரும் மருந்தில் முதல் வகை, மூன்றாம் வகை ஆகிய இரண்டு உள்ளன. இவற்றுள் மூன்றாம் வகையை எடுத்துக்கொள்வோம். ஆல்பர்ட் சாபின் உருவாக்கிய இந்த மருந்து வைரஸையும், அதற்கு மூலமாயிருந்த 'லியான்' என்னும் கொடிய வைரஸையும் பின்னாளில் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தனர். வைரஸின் மரபுப் பொருளாகிய ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 7,430 எழுத்துக்கள் நீளமுள்ளது. ஏ, சி, ஜி, யூ என்னும் நான்கு நியூக்ளியோடைடுகளையே இங்கு எழுத்துக்கள் என்கிறோம். இத்தனை எழுத்துக்களில் சுமார் பத்து மட்டுமே வேறுபட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 472-ஆம் இடத்தில் உள்ளது. கொடிய வைரஸில் அங்கு சி; மருந்து வைரஸில் யூ.

வியப்பு யாதெனில், அந்த இடம் எந்தப் புரதத்தின் அமைப்பையும் குறிப்பதன்று. அது புரதக் குறிப்பு தொடங்குவதற்கு முன்னுள்ள பகுதியைச் சேர்ந்தது. ஆயினும் அவ்வெழுத்து மீண்டும் சி ஆக மாறிவிட்டால், நரம்பைத் தாக்கும் வலிமையில் ஒரு பங்கை வைரஸ் திரும்பப் பெறுகிறது. புரதத்தில் இடம்பெறாத ஓர் எழுத்து நோயின் கடுமையை எங்ஙனம் பாதிக்க இயலும்? இதற்கு விடை காண, உயிரணுவில் புரத ஆக்கம் எவ்வாறு தொடங்குகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

உட்கருவுடைய உயிரணுக்களில், மரபுச் செய்தியைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் ஒரு சிறு வேதியியல் 'தொப்பி' அமைந்திருக்கிறது. மீதைல் தொகுதி ஒன்றை ஏற்ற குவானோசின், மூன்று பாஸ்பேட்டுகளின் வழியே தலைகீழாக இணைந்திருப்பதே அது. 1975-ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. இத்தொப்பியை ஒரு புரதம் பற்றிக்கொள்கிறது. அதற்கு 4ஈ என்று பெயர். 4ஈ-யுடன் 4ஜி என்னும் நீண்ட புரதம் சேர்கிறது. 4ஜி ஒரு பாலம் போன்றது: ஒரு பக்கத்தில் 4ஈ-யையும், மறுபக்கத்தில் சுருள்களை அவிழ்க்கும் 4ஏ என்னும் நொதியையும் அது பற்றி நிற்கும். இந்தப் பாலத்தின் உதவியால் ரிபோசோமின் சிறு பகுதி தூது ஆர்.என்.ஏ.வின் மீது வந்து ஏறுகிறது. புரதத்தின் முதல் அமினோ அமிலமாகிய மெதியோனினை ஏந்திய கடத்தி ஆர்.என்.ஏ. அதற்கு முன்பே அச்சிறு பகுதியில் அமர்ந்திருக்கும்.

ஏறிய இடத்திலேயே வேலை தொடங்கிவிடுவதில்லை. சிறு பகுதி முன்முனையிலிருந்து ஓர் எழுத்தையும் விடாது துருவிக்கொண்டே நகர்கிறது. ஏ-யூ-ஜி என்னும் தொடக்கக் குறியைக் கண்டதும் நிற்கிறது. அதன் பின்னரே ரிபோசோமின் பெரும் பகுதி வந்து சேர, புரதம் கோக்கப்படுகிறது. இந்தத் துருவல் கருத்தை 1978-இல் வெளியிட்டவர் மேரிலின் கோசாக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவர் பின்னர் செய்த பரிசோதனை ஒன்று எளிமையானது. தொப்பிக்கும் தொடக்கக் குறிக்கும் இடையில், ஆர்.என்.ஏ. தன் மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல் நிற்கும்படி ஒரு துண்டைப் புகுத்தினார். அம்மடிப்பைப் பிரிக்க மோலுக்கு 30 கிலோகலோரி அளவில் ஆற்றல் தேவைப்பட்டபோது புரத ஆக்கம் பெரிதும் குறையவில்லை. 50 கிலோகலோரி தேவைப்பட்டபோது பெரும்பாலும் நின்றுபோயிற்று. வழியில் நடந்து செல்பவருக்கே வழியிலுள்ள தடை பொருட்டாகும் அன்றோ?

துருவிச் செல்லும் ரிபோசோம் பொதுவாக முதலில் எதிர்ப்படும் ஏ-யூ-ஜியிலேயே நிற்கும். சுற்றுப்புறம் சாதகமாயிராவிடில் சில வேளை அதைக் கடந்தும் செல்லும். குறிக்கு மூன்று எழுத்து முன்னால் ஏ அல்லது ஜி இருப்பதும், குறியை அடுத்து ஜி இருப்பதும் சாதகமான நிலை.

இனி இளம்பிள்ளை வாத வைரஸுக்கு வருவோம். இதன் ஆர்.என்.ஏ.வே உயிரணுவினுள் தூது ஆர்.என்.ஏ.வாகவும் பயன்படுகிறது. ஆனால் அதற்குத் தொப்பி கிடையாது. முதல் வகை வைரஸில் புரதக் குறிப்புக்கு முன்னால் 742 எழுத்துக்கள் உள்ளன. அப்பகுதி பல உறுதியான மடிப்புக்களாகச் சுருண்டு கிடக்கிறது. பயனற்ற ஏ-யூ-ஜிக்கள் பலவும் அதில் விரவியுள்ளன. துருவல் விதியின்படி பார்த்தால், இத்தகைய ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் உண்டாகவே கூடாது. உண்மையில் நடப்பதோ நேர்மாறானது. வைரஸ் தொற்றிய சில மணி நேரத்தில் உயிரணுவின் சொந்தப் புரத ஆக்கம் அடங்கிவிடுகிறது. வைரஸின் புரதங்கள் மட்டும் பெருகுகின்றன.

இதன் காரணத்தை 1988-இல் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரி பெல்லெட்டியரும் நாகும் சோனென்பெர்கும் வெளிப்படுத்தினர். அவர்கள் ஒரே தூது ஆர்.என்.ஏ.வில் இரண்டு புரதங்களின் குறிப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தனர். முதலாவது தைமிடின் கைனேஸ் என்னும் நொதி; இரண்டாவது குளோராம்பெனிகால் மருந்தை மாற்றும் பாக்டீரியா நொதி. இரண்டுக்கும் இடையில் வைரஸின் முன்பகுதியைச் செருகினர். அதைச் செருகாத ஆர்.என்.ஏ.வில் இரண்டாம் நொதி மிகச் சிறிதே உண்டாயிற்று. முதற்குறிப்பை முடித்த ரிபோசோம்கள் அங்கேயே பிரிந்துவிட்டன. செருகியபோது இரண்டாம் நொதியும் நன்கு உண்டாயிற்று. அதன் பின் அவ்வுயிரணுக்களில் இளம்பிள்ளை வாத வைரஸையே தொற்றச் செய்தனர். தொப்பியை நம்பியிருந்த முதல் நொதியின் ஆக்கம் தாழ்ந்தது. இரண்டாவது தொடர்ந்து நடைபெற்றது. ஆகவே ரிபோசோம் முன்முனையை நாடாமல், நடுவிலுள்ள ஓரிடத்தில் நேரே வந்து அமர்கிறது என்பது தெளிவாயிற்று. இதனை உள்நுழைவு முறை என்கிறோம். எலிகளின் மூளை, இதயத் தசை ஆகியவற்றை அழற்றும் வேறொரு வைரஸிலும் இதே முறையை அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் எக்கார்ட் விம்மரின் குழுவினர் கண்டனர்.

இந்த இரட்டைக் குறிப்புப் பரிசோதனை எளிதாகத் தோன்றினும் ஏமாற்ற வல்லது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லவேண்டும். இடையில் செருகிய துண்டே டி.என்.ஏ. நிலையில் ஒரு புதிய ஆர்.என்.ஏ.வைத் தோற்றுவிக்கும் தூண்டியாக அமைந்துவிடலாம். அல்லது அத்துண்டின் காரணமாக ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்பட்டு முதற்குறிப்பு நீங்கிவிடலாம். இரண்டு நிலையிலும் இரண்டாம் குறிப்பைத் தலையில் கொண்ட, தொப்பியுடன் கூடிய ஒரு குறுகிய ஆர்.என்.ஏ. உண்டாகும். அப்போது கிடைக்கும் நொதிக்கு உள்நுழைவு காரணமன்று. உயிரணுவின் சொந்த மரபணுக்கள் சிலவற்றிலும் உள்நுழைவு உண்டு என்று பின்னர் வெளிவந்த கூற்றுக்களில் பல இக்காரணத்தாலேயே ஐயத்துக்கு உள்ளாயின. ஆய்வுக்கூடத்தில் தயாரித்த ஆர்.என்.ஏ.வையே நேராக உயிரணுவினுள் செலுத்திப் பார்ப்பது நல்ல சோதனை, டி.என்.ஏ. அங்கு இல்லாமையால் புதிய தூண்டிக்கு இடமில்லை. முதற்குறிப்பை மட்டும் சிதைக்கும் மருந்தைச் செலுத்தும்போது இரண்டாம் நொதியும் உடன் குறைகின்றதா என்று பார்ப்பது மற்றொன்று. குறையாவிடில் இரண்டும் ஒரே ஆர்.என்.ஏ.வில் இல்லை என்பது பொருள்.

வைரஸின் தந்திரம் இத்துடன் முடியவில்லை. அது உண்டாக்கும் 2ஏ என்னும் நொதி, 4ஜி என்னும் பாலத்தை இரண்டாக வெட்டிவிடுகிறது. தொப்பியைப் பற்றிய 4ஈ-யுடன் ஒரு துண்டும், 4ஏ-யுடன் மற்றொரு துண்டும் பிரிந்துபோகின்றன. தொப்பியுள்ள ஆர்.என்.ஏ.க்களுக்கு ரிபோசோமை ஏற்றும் வழி இதனால் அடைபடுகிறது. வைரஸின் முன்பகுதியிலோ, ஐந்தாவது மடிப்பு அந்த இரண்டாம் துண்டையே நேராகப் பிடித்துக்கொள்ளும். வெட்டுண்ட பாலத்தின் பாதியே வைரஸுக்குப் போதுமானது. அங்ஙனம் இறங்கிய ரிபோசோம் கடைசி நூற்றைம்பது எழுத்துக்கள் அளவுள்ள தூரத்தைத் துருவிச் சென்றே உரிய தொடக்கக் குறியை அடைகிறது. ஆகையால் இரண்டு முறைகளும் முற்றிலும் வேறானவை என்று எண்ணவேண்டியதில்லை. ஏறும் இடமே வேறு.

இப்போது 472-ஆம் எழுத்து ஏன் முக்கியமென்பது விளங்கும். அது அந்த ஐந்தாவது மடிப்பில் உள்ளது. கொடிய வைரஸில் அங்குள்ள சி, எதிரே நிற்கும் ஜி-யுடன் உறுதியாகப் பிணைந்திருக்கும். மருந்து வைரஸில் அது யூ ஆகிவிட்டதால் பிணைப்பு தளர்கிறது, மடிப்பு நெகிழ்கிறது, ரிபோசோமை ஏற்றும் திறன் குன்றுகிறது. இக்குறைபாடு நரம்பணு வகை உயிரணுக்களில் அதிகமாக வெளிப்படுவது 1989-இல் வெளியான ஆய்வில் காணப்பட்டது. குடலில் வைரஸ் போதிய அளவு பெருகி எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது; தண்டுவடத்தில் பெருகத் திணறுகிறது. மருந்தின் பாதுகாப்பு முழுவதும் இவ்வொரு எழுத்தைப் பொறுத்ததன்று. வைரஸின் உறைப் புரதம் ஒன்றில் ஏற்பட்ட மாற்றமும் உடன் துணை செய்கிறது.

குடலிலும் உறுதியான மடிப்பே வைரஸுக்கு ஆதாயம். ஆகவே சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் வெளிவரும் மூன்றாம் வகை வைரஸில், சில நாட்களுக்குள்ளேயே 472-ஆம் எழுத்து மீண்டும் சி ஆகிவிடுவதைக் காணலாம். இது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடத்தும் நிகழ்வது; இதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மருந்தால் வாதம் உண்டாவது மிக மிக அரிது. ஆனால் தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் பலர் உள்ள ஊரில் அவ்வைரஸ் பல மாதங்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுமானால், மேலும் பல மாற்றங்கள் சேர்ந்து உண்மையான நோய்க்கிருமியாகிவிடக்கூடும். திடீர்த் தளர்வாதம் கண்ட குழந்தையிடமிருந்து, நோய் தோன்றிய 14 நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளிவிட்டு இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்படுவதன் நோக்கங்களுள் இதைக் கண்டறிவதும் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் 472-ஆம் எழுத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. அது எங்கும் மாறிவிடுவதால் காலத்தைக் காட்டாது. சுமார் 900 எழுத்துக்கள் கொண்ட உறைப் புரதக் குறிப்பு ஒன்றையே படிக்கின்றனர். முதல், மூன்றாம் வகைகளில் அதில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துக்கள் மாறியிருந்தால், அவ்வைரஸ் நெடுநாள் பெருகி வந்துள்ளது என்பது புலனாகும்.

இரண்டாம் வகையில் இத்தொல்லை அதிகமாயிருந்தமையால் அம்மருந்து 2016-இல் உலகெங்கும் வழக்கமான பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. நோய் வெடித்த இடங்களுக்கென ஒரு புதிய இரண்டாம் வகை மருந்து உருவாக்கப்பட்டு, 2020 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அவசர அனுமதி பெற்றது. 2021 முதல் களத்தில் பயன்பட்டு வருகிறது. இதில் ஐந்தாவது மடிப்பின் எழுத்துக்கள் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. ஒரு பக்கத்து எழுத்து மாத்திரம் மாறினால் பிணைப்பு வலுப்பெறாது, உடைந்தே போகும். வலுப்பெறவேண்டுமாயின் எதிரெதிரான இரண்டு எழுத்துக்களும் ஒருங்கே மாறவேண்டும். பழைய மருந்தைவிட இது நிலையானது என்பதைக் களப் பயன்பாடு காட்டியிருக்கிறது. ஆயினும் இதிலிருந்தும் சிற்சில இடங்களில் பரவும் வைரஸ்கள் தோன்றியுள்ளன. ஒரே குடலில் தங்கும் வேறு வைரஸ்களுடன் ஆர்.என்.ஏ.வின் நீண்ட பகுதிகளைப் பரிமாறிக்கொள்ளும் வழி இவற்றுக்கு உண்டு. அவ்வாறு முன்பகுதி முழுவதையும் அயல் வைரஸிடமிருந்து பெற்றுக்கொண்டால், அதில் மாற்றியமைத்த ஐந்தாவது மடிப்பே இராது.