இரண்டு நாற்காலி, ஒரு கோடு

1995இல் மைக்கேல் மன் இயக்கிய ‘ஹீட்’ படத்தில், துரத்தும் போலீஸ் அதிகாரியும் துரத்தப்படும் கொள்ளைக்காரனும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அதிகாரி அல் பசினோ, கொள்ளைக்காரன் ராபர்ட் டி நீரோ. சண்டையில்லை, ஓட்டமில்லை. பேச்சு முழுக்க ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் முகம், பிறகு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து இவர் முகம் என்றே மாறி மாறிப் போகிறது. கோடம்பாக்கத்தில் இந்த வகை ஷாட்டை ‘சஜஷன்’ என்பார்கள். இருவரும் பக்கவாட்டில் தெரியும்படி மூன்றாவது கேமராவிலும் மன் படம் பிடித்திருந்தார். எடிட்டிங்கில் அதைத் தொடவே இல்லை.

இப்படித் துண்டு துண்டாக வெட்டிய பிறகும் இருவரும் ஒருவரையொருவர்தான் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான்.

ஒரு மேஜையின் இடப்பக்கம் கண்ணன், வலப்பக்கம் மாலதி. இருவர் மூக்கையும் இணைத்து ஒரு கோடு போவதாக நினைத்துக்கொள்ளலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, மாலதியின் தோளருகிலிருந்து கண்ணனை எடுத்தால், அவர் திரையின் இடப்பாதியில் உட்கார்ந்து வலப்பக்கம் பார்ப்பார். அதே பக்கம் நின்று கண்ணனின் தோளருகிலிருந்து எடுத்தால், மாலதி வலப்பாதியிலிருந்து இடப்பக்கம் பார்ப்பார். அடுத்தடுத்து ஒட்டும்போது இரண்டு பார்வையும் சந்திக்கும்.

இப்போது இரண்டாவது ஷாட்டுக்கு மட்டும் கேமராவைத் தூக்கிக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தால் மாலதியும் இடப்பாதிக்கு வந்து வலப்பக்கம் பார்ப்பார். இருவரும் சேர்ந்து சட்டகத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். வசனம் சரியாக இருக்கும், நடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் பார்ப்பவர் ஒரு கணம் இடத்தைத் தொலைத்துவிடுவார். அந்தக் கணத்தில் பேசிய வரி காதில் ஏறாது.

திசை மட்டும் பொருந்தினால் போதாது, உயரமும் பொருந்த வேண்டும். ஒருவர் நின்றுகொண்டும் மற்றவர் உட்கார்ந்தும் பேசினால், நிற்பவரின் பார்வை கீழே இறங்க வேண்டும், உட்கார்ந்தவருடையது மேலே ஏற வேண்டும். க்ளோஸ்-அப்பில் எதிர் நடிகர் இல்லாமல் தனியாக நடிக்க வைக்கும்போதுதான் இது அதிகம் தப்புகிறது. கேமரா பக்கத்தில் அவர் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு துண்டு டேப்பாவது ஒட்டி, அங்கே பார்க்கச் சொல்ல வேண்டும். லென்ஸிலிருந்து பார்வை விலகும் அளவும் முக்கியம். ஒருவர் லென்ஸை ஒட்டிப் பார்த்து, மற்றவர் முகம் முக்கால்வாசி திரும்பியிருந்தால் ஒருவர் நெருங்கிப் பேசுவதாகவும் மற்றவர் ஒதுங்கியிருப்பதாகவும் அர்த்தமாகிவிடும். கதை அதைக் கேட்டால் சரி; கேட்காவிட்டால் அது பிழை.

வழக்கமாக ஒரே கேமராவில் ஒரு பக்கத்தை முழுக்க எடுத்து, லைட்டை மாற்றி, மறுபக்கத்தை எடுப்பார்கள். மன் இரண்டு தோள்களுக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் கேமரா ஓடவிட்டார். பசினோ சொன்ன வரிக்கு டி நீரோ அந்த நொடியில் காட்டிய முகமே எடிட்டருக்குக் கிடைத்தது. காட்சியின் பெரும்பகுதி பதினோராவது டேக்கிலிருந்து வந்ததாக மன் சொல்லியிருக்கிறார். தலைச் சாய்வும் கண்ணின் உயரமும் இருபுறமும் தானாகவே பொருந்திவிடும் என்பது இந்த முறையின் பெரிய லாபம்.

அந்த வசதி இல்லாத எடிட்டர், எங்கே வெட்டுவது என்பதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். வசனம் முடியும் இடத்திலெல்லாம் வெட்டினால் பேச்சு டேபிள் டென்னிஸ் பந்தாகிவிடும். குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்பவர் முகத்துக்குப் போவது நல்லது. அவர் கோப்பையிலிருந்து கண்ணை உயர்த்தும் கணம் மிக நல்ல வெட்டு. யாரைப் பார்க்கிறார் என்று தேடும் நம் ஆவலுக்கு அடுத்த ஷாட் பதிலாகிறது. வெட்டியதைச் சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டினால், பார்வை எங்கே நழுவுகிறது என்பது உடனே தெரியும்.

நழுவினால்? ஷாட்டைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போடலாம். ஆனால் சேலைத் தலைப்பு தோள் மாறும், பின்சுவரின் எழுத்து இடம் வலமாகத் திரும்பிவிடும். அதைவிட, இரண்டுக்கும் நடுவே ஒரு வைட் ஷாட் வைத்து, கேமரா பக்கம் மாறியதைப் பார்ப்பவருக்குக் காட்டிவிடுவது நேர்மையான வழி.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இந்தக் கோட்டைப் பொருட்படுத்தவே இல்லை. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) பேசும் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் பல இடங்களில் வருகிறது. அவர் கேமரா ஏறக்குறைய நேருக்கு நேராக நிற்பதால் பார்வை லென்ஸை ஒட்டியே இருக்கும். இடம், வலம் என்ற வித்தியாசம் மிகச் சிறியதாகிவிடுகிறது. முகம் தனியாகத் தெரியும் ஷாட்டில்தான் அது எளிதில் செல்லும். ‘ஹீட்’ போல முன்னால் ஒரு தோள் தெரிந்துகொண்டிருந்தால், அந்தத் தோளுக்குரியவர் அடுத்த ஷாட்டில் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தாவுவதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது.