ஸ்பீக்கரில் கேட்ட குழல் எது?

குற்றால சீசனில் பேரருவிக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கடை ஸ்பீக்கரில் குழலிசை ஒன்று காதில் விழுகிறது. தென்காசி வந்து பஸ் ஏறிய பிறகும் மெட்டு மண்டைக்குள் சுற்றுகிறது; பாட்டுதான் பிடிபடவில்லை. அது எந்தக் குழல் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தெளிவாகும். பிக்கலோ என்றால் பேண்ட் வாத்திய அணிநடை இசையில் தேடலாம். ரெக்கார்டர் என்றால் பழைய ஐரோப்பிய இசையிலோ பள்ளிப் பாடங்களிலோ தேடலாம். புல்லாங்குழல் என்றால் நம் கச்சேரியும் சினிமாவும்தான்.

பலரும் சுருதியின் உயரத்தை வைத்தே முடிவு கட்டுவார்கள். அது ஏமாற்றும். மெட்டை நினைவுபடுத்த நாம் விசிலடிக்கிறோம். விசில் இயல்பாகவே சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒலிக்கும். அதனால் தாழ்வாகக் கேட்ட குழலும் நினைவில் பிக்கலோ ஆகிவிடும். தவிர, பள்ளிகளில் வாசிக்கும் சிறிய ரெக்கார்டரின் கடைசிக் கீழ் ஸ்வரம் 523 ஹெர்ட்ஸ், பிக்கலோவுக்கு 587. தொடங்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிக்கலோ அங்கிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிக் கீச்சிடும் என்பதே வித்தியாசம்.

மூச்சு உரசும் சத்தமும் நல்ல அடையாளம்தான். ஆனால் அருவியின் இரைச்சலில் அது அமுங்கிப்போயிருக்கும்.

எனவே மெட்டில் நீளமாக இழுத்த ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லத் தொடங்கிப் பெருகி, சுருதி மாறாமல் அடங்கியதா? புல்லாங்குழலிலும் பிக்கலோவிலும் காற்றை விளிம்பில் செலுத்துவது உதடு. பலமாக ஊதும்போது ஏறும் சுருதியை உதட்டாலேயே சரிசெய்யலாம். ரெக்கார்டரில் காற்று போகும் பாதையை அடைப்புக்கட்டையே தீர்மானிக்கிறது. பலமாக ஊதினால் சத்தத்தோடு சுருதியும் ஏறும். அதனால் அதில் இழுத்த ஸ்வரம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும்.

அடுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போனதா, படி ஏறியதா? புல்லாங்குழலில் விரலே துளையை மூடுகிறது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினால் கமகம் பிறக்கும். டி.ஆர். மகாலிங்கம் என்ற மாலி (1926–1986) குழலைப் பாட வைத்ததில் இந்த விரல் நுட்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிக்கலோவில் துளையை மூடுவது சாவிகள். அதில் இப்படி வழுக்குவது கடினம். 1995-இல் வந்த ‘பம்பாய்’ படத்தின் தீம் இசையை மனதில் ஓட்டிப் பாருங்கள். நவீன் குமாரின் குழல் ஸ்வரங்களுக்கு நடுவே வளைவதும், இழுத்த இடத்தில் பெருகுவதும் கேட்கும். ஊகிக்க வேண்டியதே இல்லை.

சிக்கல் ஒன்று உண்டு. பொம்மைக் கடைகளில் வாய்ப்பக்கம் கட்டை செருகிய மூங்கில் குழலும் விற்கிறார்கள். பார்க்கப் புல்லாங்குழல், வேலை செய்யும் விதத்தில் ரெக்கார்டர். விரல் துளைகள் திறந்தவை என்பதால் அதிலும் வழுக்கலாம். அங்கே இழுத்த ஸ்வரத்தின் சோதனை ஒன்றுதான் பிடிகொடுக்கும்.