கடை அலமாரியில் யாருடைய சரக்கு?

மார்ச் 31. புத்தகக் கடையின் அலமாரியில் ஒரு நாவலின் 40 பிரதிகள் விற்காமல் நிற்கின்றன. இருப்பது கடையில்தான், ஆனால் கணக்குப்படி அவை பதிப்பகத்தின் சொத்து.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வது என்ற பேச்சில் பதிப்பகம் 100 பிரதிகளை அனுப்புகிறது. விலை 200 ரூபாய், அச்சுச் செலவு பிரதிக்கு 80, லாரி வாடகை மொத்தம் 500. கடைக்குக் கமிஷன் 35 சதவீதம். அனுப்பிய அன்று விற்பனை என்று எழுதவே கூடாது. சரக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டு முடிவில் 60 பிரதிகள் விற்றிருக்கின்றன. பதிப்பகத்தின் விற்பனை 12,000 ரூபாய். அதில் 4,200 கமிஷன் போக, கடை தர வேண்டியது 7,800. மீதி 40 பிரதிகள் பதிப்பகத்தின் இருப்பில் 3,400 ரூபாயாக நிற்கும். பிரதிக்கு 5 ரூபாய் வாடகையும் அடக்கவிலையில் சேரும். கடைக்கு வருமானம் கமிஷன் மட்டுமே.

பல சிறு பதிப்பகங்கள் நூறையும் விற்பனையாக எழுதிவிடுகின்றன. லாபம் வீங்கித் தெரியும். அடுத்த ஆண்டு கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் திரும்பி வரும்போதுதான் குட்டு உடையும். மாதந்தோறும் கடையிலிருந்து விற்பனைப் பட்டியல் வாங்கி, அலமாரியை நேரில் எண்ணிச் சரிபார்த்தால் இது முன்பே தெரிந்துவிடும்.